எண்ணைப் படிக்காதீர்கள், ஆர்டரைப் படியுங்கள்

"புதுச்சேரி மிஷன் வீதியில் எங்களுக்குச் சுடுமண் விளக்கு, பொம்மை விற்கும் கடை. அதே சரக்கை இரண்டு ஆன்லைன் தளங்களிலும் போட்டிருக்கிறோம். 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஸ்கிரிப்ட் மூன்று இடத்து எண்ணிக்கையையும் பார்த்து, இருப்பதில் குறைவான எண்ணை எல்லா இடத்திலும் போடுகிறது. அப்படியும் சனி, ஞாயிறில் இல்லாத சரக்குக்கு ஆர்டர் விழுகிறது. 15ஐ 5 நிமிடமாகக் குறைத்தால் சரியாகுமா?"

ஆகாது. தவறு குறையும், ஆனால் போகாது, ஏனென்றால் கோளாறு நேரத்தில் இல்லை, "குறைவான எண்" என்ற அந்த விதியில் இருக்கிறது. ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் உடனே புரியும்.

சனிக்கிழமை மாலை 5 மணிக்கு ஒரு விளக்கு மூன்று இடத்திலும் 7 என்று இருக்கிறது என்று வையுங்கள். 5:04க்குக் கடையில் ஒருவர் 2 வாங்குகிறார், கடைக் கணக்கு 5 ஆகிறது. 5:07க்கு முதல் தளத்தில் 1 போகிறது, அந்தத் தளம் தானாகவே 6 என்று குறைத்துக்கொள்கிறது. 5:12க்கு இரண்டாவது தளத்தில் 1, அங்கேயும் 6. 5:15க்கு உங்கள் ஸ்கிரிப்ட் எழுந்து பார்க்கிறது: 5, 6, 6. குறைந்தது 5, ஆகவே எல்லா இடத்திலும் 5. ஆனால் போனது 4 விளக்கு, அலமாரியில் இருப்பது 3. இல்லாத 2 விளக்கு இப்போது இரண்டு தளங்களிலும் விற்பனைக்கு நிற்கிறது.

இதில் மோசமானது அந்த 2 அல்ல. அடுத்த முறை ஸ்கிரிப்ட் ஓடும்போது மூன்று இடமும் 5 என்று ஒரே குரலில் சொல்லும், எங்கேயும் வித்தியாசம் தெரியாது, அந்தப் பிழை அப்படியே கணக்கில் உறைந்துவிடும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டியிருந்தால் மேலே சொன்ன மூன்று விற்பனையும் தனித்தனி ஓட்டத்தில் விழுந்து சரியாக 3 வந்திருக்கும், அதனால்தான் அது தீர்வு மாதிரித் தெரிகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தைக்கு வரும் கூட்டம் உங்கள் கடைக்குள்ளும் நுழையும் நேரத்தில் ஒரே 5 நிமிடத்துக்குள் இரண்டு இடத்தில் விற்பனை நடக்கத்தான் செய்யும். அன்றைக்கு 1, இன்னொரு நாள் 2 என்று சேர்ந்துகொண்டே போகும். இன்னொன்று, புதுச் சரக்கு வந்தால் மூன்று இடத்திலும் கையால் ஏற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஓரிடத்தில் ஏற்ற மறந்தால் இந்த விதி மற்ற இரண்டையும் பழைய எண்ணுக்கே இழுத்துவிடும்.

சரி, என்ன செய்வது? தளங்களில் எண்ணிக்கையைப் படிப்பதை நிறுத்துங்கள். அங்கிருந்து படிக்க வேண்டியது ஆர்டரை மட்டும். எண்ணிக்கை உங்களிடம் ஒரே ஓர் இடத்தில் இருக்கட்டும், அதுவும் ஓர் எண்ணாக இல்லாமல் வரவு செலவு வரிசையாக. நம் கடைகளில் சிட்டை எழுதுவார்களே, அதேதான்: வந்தது +20, போனது -2, போனது -1. கூட்டினால் கையிருப்பு. ஆர்டர்கள் உள்ளே வரும், கூட்டிய எண் வெளியே போகும், எதிர்த்திசையில் ஒன்றும் நடக்காது. மேலே சொன்ன சனிக்கிழமையில் 7க்குக் கீழே -2, -1, -1 என்று மூன்று வரி விழுந்து, 5:15க்கு இரண்டு தளத்துக்கும் 3 போயிருக்கும்.

இதற்குப் பெரிய மென்பொருள் வேண்டாம். சில நூறு ஐட்டம் உள்ள கடைக்கு, ஒரே கோப்பில் அடங்கும் சின்ன டேட்டாபேஸான எஸ்க்யூலைட் தாராளமாகப் போதும்:

```sql
CREATE TABLE moves (
  key TEXT PRIMARY KEY,
  sku TEXT NOT NULL,
  qty INTEGER NOT NULL,
  at  TEXT NOT NULL
);

INSERT OR IGNORE INTO moves VALUES
 ('B:4471:1:sale', 'LAMP-06', -1, '2025-01-11T11:42:00Z');

SELECT sku, SUM(qty) FROM moves GROUP BY sku;
```

இதில் உயிர்நாடி அந்த `key`. எந்தத் தளம், எந்த ஆர்டர், அதில் எத்தனையாவது வரி, என்ன நடந்தது என்ற நான்கையும் சேர்த்தால் ஒரு நிகழ்வுக்கு ஒரே ஒரு சாவிதான் அமையும். அதே ஆர்டரைப் பத்துத் தடவை படித்தாலும் முதல் தடவை மட்டுமே வரி விழும், மற்றதை `INSERT OR IGNORE` தள்ளிவிடும். இரட்டை எண்ணிக்கை பயம் போய்விட்டால் ஆர்டர்களைத் தாராளமாகப் படிக்கலாம். கடந்த ஓட்டம் தொடங்கிய நேரத்திலிருந்து படிக்காமல் அதற்கும் 30 நிமிடம் முன்னாலிருந்தே படியுங்கள். தளத்தின் பட்டியலில் தாமதமாகத் தலைகாட்டும் ஆர்டர்கள் விட்டுப்போகாமல் இருக்க இதுதான் வழி. "கடைசியாக எதுவரை படித்தேன்" என்ற நேரத்தை, வரிகள் எல்லாம் பதிவான பிறகே சேமிக்க வேண்டும், அதுவும் ஓட்டம் முடிந்த நேரத்தை அல்ல, தொடங்கிய நேரத்தை.

மேலே 5:12க்கு நடந்த விற்பனை 11:42 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தளங்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில்தான் பேசும், கடைசியில் நிற்கும் `Z` அதைத்தான் சொல்கிறது, நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். கடலூரில் என் மாமா கடைக்கு நான் எழுதிய முதல் ஸ்கிரிப்டில் நம் நேரத்தை அப்படியே `Z` போட்டு அனுப்பிவிட்டேன். அதாவது இன்னும் ஐந்தரை மணி நேரம் கழித்து வரப்போகும் ஆர்டர்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தளம் பிழை எதுவும் சொல்லவில்லை, காலிப் பட்டியலைத் திருப்பி அனுப்பியது, "புது ஆர்டர் இல்லை" என்று லாக்கில் ஒழுங்காகப் பதிவாகிக்கொண்டே இருந்தது. அரை நாள் கழித்து மாமா போன் செய்து, ஆறு ஆர்டர் வந்திருக்கிறதே, கணக்கில் ஒன்றுகூடக் குறையவில்லையே என்று கேட்டபோதுதான் தெரிந்தது. ஆகவே எல்லா நேரத்தையும் பொது நேரத்திலேயே சேமியுங்கள், திரையில் காட்டும்போது மட்டும் நம் நேரத்துக்கு மாற்றுங்கள்.

ஓட்டுவதற்கு, குறித்த நேரத்தில் ஸ்கிரிப்டை எழுப்பிவிடும் கிரான் போதும். ஒன்று மட்டும் கட்டாயம்: முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது தொடங்கக் கூடாது. தளம் மெதுவாகப் பதில் தரும் நாளில் இரண்டு ஓட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால், பழைய எண்ணை வைத்திருக்கும் ஓட்டம் புதிய எண்ணுக்கு மேலே எழுதிவிடும். கீழே இருக்கும் `flock -n` அதைத்தான் தடுக்கிறது.

```
*/10 * * * * flock -n /tmp/stock.lock /home/kadai/sync.sh
```

இதைக் கடைக் கம்ப்யூட்டரில் வைக்காதீர்கள். கரண்ட் போனாலும், இரவு கடையைப் பூட்டும்போது ஸ்விட்சை அணைத்தாலும் சிங்க் நின்றுவிடும், ஆன்லைன் ஆர்டர் நிற்காது. வாடகைக்குக் கிடைக்கும் ஒரு சின்ன சர்வரில் வையுங்கள், கடை பில்கள் மட்டும் அங்கே போய்ச் சேரட்டும்.

இவ்வளவு செய்தாலும் ஓர் இடைவெளி இருக்கும், அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் 5:20:00க்கு ஆர்டரைப் படிக்கிறீர்கள், 5:20:20க்கு 3 என்று தளத்துக்கு அனுப்புகிறீர்கள். நடுவில் 5:20:10க்கு அங்கே ஒன்று விற்று, தளம் தானாகக் குறைத்திருந்தால், உங்கள் 3 அதற்கு மேலே ஏறி அந்த ஒன்றை உயிர்ப்பித்துவிடும். ஆனால் இந்தப் பிழைக்கும் பழைய முறைப் பிழைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அடுத்த ஓட்டத்தில் அந்த ஆர்டர் பட்டியலில் வரும், வரி விழும், 2 என்று சரியான எண் போகும். பிழை பத்து நிமிடம் வாழ்ந்து செத்துப்போகிறது, உறைவதில்லை. அந்தப் பத்து நிமிடத்தைத் தாங்கிக்கொள்ளத்தான் கையிருப்பில் கொஞ்சத்தை ஆன்லைனில் காட்டாமல் ஒதுக்கி வைப்பது. எண் மாறிய ஐட்டத்தை மட்டும் அனுப்புங்கள், ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் அனுப்பினால் இந்த மோதலுக்கு வாய்ப்பு வீணாகக் கூடும்.

ஒதுக்கீட்டை மனம் போன போக்கில் 2, 5 என்று போடாதீர்கள். உங்கள் சிட்டையே சொல்லும். ஆபத்து நேரம் என்பது இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே உள்ள 10 நிமிடமும், நீங்கள் அனுப்பிய எண் தளத்தில் தெரிய ஆகும் நேரமும் சேர்ந்தது. எண்ணைப் பெற்றுக்கொண்டோம் என்று தளம் பதில் சொல்வது வேறு, வாங்குபவர் பார்க்கும் பக்கத்தில் அது மாறுவது வேறு, நடுவில் சில நிமிடங்கள் ஆகலாம். மொத்தம் 20 நிமிடம் என்று எடுத்துக்கொண்டு, போன மாதத்தில் எந்த 20 நிமிடத்திலாவது அந்த ஐட்டம் அதிகமாக எத்தனை விற்றது என்று பாருங்கள். 2 என்றால் ஒதுக்கீடு 2. கையிருப்பு 9 என்றால் ஆன்லைனுக்கு 7. கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரங்களில் அகல் விளக்குக்கு மட்டும் இதை உயர்த்த வேண்டியிருக்கும், மற்றபடி வருடம் முழுக்கத் தொட வேண்டாம்.

ஒதுக்கீடு போக 1, 2 என்று மீதி நிற்கும்போது அதை இரண்டு தளத்திலும் காட்டினால் ஒரே பொருளை இரண்டு பேருக்கு விற்பதற்கு வழி திறந்துவிடும். அந்த நிலையில் ஒரு தளத்துக்கு மட்டும் எண்ணை அனுப்பி மற்றதில் 0 போடுங்கள். எது என்று கேட்டால், ஆர்டரைக் கடைக்காரர் ரத்து செய்தால் எது கடுமையாக நடந்துகொள்கிறதோ அதில் 0. வில்லியனூரில் கையால் செய்யும் சுடுமண் சிலை போல ஒரே ஒரு பிரதிதான் உண்டு என்கிற பொருளை இந்த ஆட்டத்துக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம், கடையில் வைத்து விற்பதா, ஒரு தளத்தில் போட்டுப் பெட்டியில் எடுத்து வைத்துவிடுவதா என்று முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

இனி கல்லாப்பெட்டிப் பக்கம். என் அனுபவத்தில் கணக்கு விலகுவதற்குப் பாதிக் காரணம் இங்கேதான், ஸ்கிரிப்டில் இல்லை. ஞாயிறு கூட்டத்தில் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு இரவு ஒன்பது மணிக்கு மொத்தமாக பில் போடுவார்கள். அப்படியானால் உங்கள் சிங்க் இடைவெளி 10 நிமிடம் அல்ல, 6 மணி நேரம். எந்த ஒதுக்கீடும் இதைத் தாங்காது. பில் போட நேரமில்லை என்றால், கொடுக்கும் பொருளின் பார்கோடை மட்டும் ஸ்கேன் செய்து சிட்டையில் ஒரு வரி விழ வைத்துவிட்டு, பணக் கணக்கை அப்புறம் முடிக்கட்டும். ஆனால் அப்படிச் செய்தால் கையிருப்பைக் குறைப்பது ஸ்கேன் மட்டும்தான் என்று வையுங்கள், இரவு போடும் பில்லும் சேர்ந்து குறைத்தால் ஒன்று இரண்டாகிவிடும்.

போட்ட பில்லைத் திருத்துவது இன்னொரு தொல்லை. 2 விளக்கு என்று பில் போட்டு, வாடிக்கையாளர் "இன்னொன்று சேர்த்துக்கொடுங்க" என்றதும் அதே பில்லைத் திறந்து 3 ஆக்குவார்கள். பில் எண் அதேதான், சாவியும் அதேதான், ஆகவே சிட்டை புது எண்ணை ஏற்காது. கவுன்டரில் இருக்கும் தம்பியிடம் சொல்லிவிடுங்கள்: திருத்தக் கூடாது, கூடுதலுக்குத் தனி பில், குறைத்தால் ரிட்டர்ன் பில்.

ரத்தும் ரிட்டர்னும் ஒன்றல்ல, இதில் பலரும் வழுக்குகிறார்கள். பேக் செய்வதற்கு முன்பே ஆர்டர் ரத்தானால் பொருள் அலமாரியில்தான் இருக்கிறது, `B:4471:1:cancel` என்று +1 தானாக விழலாம். கூரியர் எடுத்துப்போன பிறகு ரத்து, டெலிவரி வாங்க மறுப்பு, ரிட்டர்ன் என்று தளம் எதைச் சொன்னாலும் சிட்டையில் ஒன்றும் எழுதாதீர்கள். பெட்டி கடைக்குத் திரும்பி வந்து, திறந்து பார்த்து, விளக்கு முழுசாக இருந்தால்தான் கையால் +1. சுடுமண் போய் வரும்போது உடையும். உடைந்த விளக்கைத் தளத்தில் விற்பனைக்கு ஏற்றிவிட்டால் அடுத்த வாடிக்கையாளருக்கு அனுப்ப ஒன்றும் இருக்காது. அதேபோல, பணம் உறுதியாகாமல் `Pending` என்று நிற்கும் ஆர்டரையும் வந்த உடனே கழித்துவிடுங்கள். அது ரத்தானால் +1 வரப்போகிறது. கழிக்காமல் காத்திருந்தால் அந்த ஒன்றை அடுத்த தளத்தில் விற்றுவிடுவீர்கள்.

ஒரு தளத்தின் உள்நுழைவு காலாவதியாகி ஆர்டர் படிக்க முடியாமல் போகும் நாள் வரும். அப்போது சிட்டையில் அந்தத் தளத்தின் விற்பனை இல்லை, எனவே உங்கள் எண் உண்மையைவிட அதிகமாகத்தான் இருக்கும். நான் வைத்திருக்கும் விதி: ஏதாவது ஓர் இடத்திலிருந்து படிக்க முடியவில்லை என்றால், அந்த ஓட்டத்தில் எண்ணைக் குறைக்கலாம், கூட்டக் கூடாது. கடையில் விற்று 5 என்பது 4 ஆனால் அனுப்பு. புதுச் சரக்கு வந்து 5 என்பது 25 ஆனால் நிறுத்தி வை. கூடவே, கடைசியாக முழுசாக வெற்றி பெற்ற ஓட்டம் எப்போது என்று பார்த்து, 45 நிமிடம் தாண்டினால் போனுக்குச் செய்தி வர வையுங்கள். இந்தச் சரிபார்ப்பு வேறு ஓர் இடத்திலிருந்து ஓடட்டும், சர்வரே நின்றுவிட்டால் அதே சர்வர் உங்களிடம் வந்து சொல்லாது.

தளத்து எண்ணைப் படிக்காதீர்கள் என்றேன், ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. விற்பனை ஓய்ந்த பின்னிரவில், 3 மணி வாக்கில், தளத்தில் இருக்கும் எண்ணையும் நாம் அனுப்பிய எண்ணையும் ஒப்பிட்டு ஒரு பட்டியல் எடுங்கள். எதையும் தானாகத் திருத்த வேண்டாம், பார்ப்பதற்கு மட்டும். வித்தியாசம் எந்தப் பக்கம் என்பதே காரணத்தைச் சொல்லும். அதே ஐட்டம் நாள்தோறும் தளத்தில் அதிகமாக நின்றால் நாம் அனுப்புவதை அது ஏற்கவில்லை, பெரும்பாலும் ஐட்டம் கோடு பொருந்தாமல் இருக்கும். அலமாரியைக் கையால் எண்ணிப் பார்க்கும்போது சிட்டையைவிடக் குறைவாக இருந்தால் பில் போடாத விற்பனை அல்லது உடைசல். அலமாரியில் அதிகமாக இருந்தால் ரிட்டர்ன் வந்த பொருளை எழுதாமல் அடுக்கிவிட்டார்கள், அல்லது ஒரே விற்பனை வேறு வேறு சாவியில் இரண்டு முறை விழுந்திருக்கிறது. எண்ணிப் பார்த்துத் திருத்தும்போதும் "இப்போது 6" என்று எழுதாமல் "-1, எண்ணிக்கைத் திருத்தம்" என்று வித்தியாசத்தை எழுதுங்கள், எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஓர் ஆர்டர் வந்தாலும் கணக்கு கெடாது.

மாற்றும் நாளுக்கு ஒரு செவ்வாய் அல்லது புதன் இரவைத் தேர்ந்தெடுங்கள். பழைய ஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு, 8 மணிக்கு இரண்டு தளத்திலும் எல்லாவற்றுக்கும் 0 போட்டு, அது பக்கத்தில் தெரிகிறதா என்று கண்ணால் பாருங்கள். 9 மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு எண்ணத் தொடங்குங்கள். பேக் செய்து கூரியருக்குக் காத்திருக்கும் பெட்டிகளையும், ஆர்டர் வந்து இன்னும் பேக் ஆகாத பொருள்களையும் தனி மேசைக்கு மாற்றிவிடுங்கள், அவை ஏற்கெனவே விற்றவை, எண்ணில் சேராது. மீதியைத் தொடக்க வரியாக எழுதுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது: மறுநாள் அந்தப் பழைய ஆர்டர்கள் கூரியரில் ஏறும்போது "மாற்றம் நடந்த ஆர்டர்கள்" பட்டியலில் புதிதாக வருவதுபோல வரும், சிட்டையில் சாவி இல்லாததால் புது விற்பனையாக விழுந்து ஒன்றொன்றாகக் கழித்துவிடும். அதனால் எண்ணத் தொடங்கிய நேரத்துக்கு முன்னால் வைக்கப்பட்ட ஆர்டர் எதுவானாலும் விற்பனை வரி எழுதாதே என்று ஸ்கிரிப்டில் ஒரு நிபந்தனை போட்டுவிடுங்கள். அவற்றில் ஏதாவது ரத்தானால் அந்த +1ஐ மட்டும் கையால் எழுதிக்கொள்ளலாம்.